அந்தப் பதினொரு படங்கள்

என் அண்ணன் மகள் ஒரு கடிதம் எழுதினாள். காகிதத்தில், பேனாவால், நான்கு பக்கம். விடுதியிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், திரும்பிப் போகும் நாளில் அதை அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். அன்று இரவு அண்ணன் எனக்குப் போன் செய்தார். "உன் மருமக என்ன எழுதியிருக்கான்னு வந்து பாரு" என்றார். குரலில் பாதி கோபம், பாதி கலக்கம்.

அப்பாவும் அம்மாவும் தங்கள் பேஸ்புக் பக்கங்களில் ஊரறியப் போட்டிருக்கும் அவளுடைய சிறுவயதுப் படங்களை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம். இதைப் பற்றி எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் கூடாது, ஊர் கூடாது, கல்லூரி கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டாள். கடிதத்தில் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அவளே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள். கோடு போட்ட பகுதி இது:

"நேரில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், அப்பா சத்தம் போட்டுவிடுவீர்கள், அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் என் பிறந்தநாளுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் சடங்குப் படத்தைப் போட்டு வாழ்த்தினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லார் பிறந்தநாளுக்கும் சின்ன வயசுப் படத்தைத் தேடிப்பிடித்துப் போடுவது எங்கள் வகுப்பில் வழக்கம். என் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். அப்பாவின் பக்கம் வந்திருக்கிறது. பூட்டு எதுவும் இல்லை. குழுவில் 62 பேர். அதில் பாதிக்கு மேல் பையன்கள். நான் எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் தேதியில் பெரியவளானேன் என்பது இப்போது அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு என் தோழி போனில் உங்கள் பக்கங்களை முழுக்கப் பார்த்தேன். அவள் உங்களுக்கு நட்பில் இல்லாதவள். அவள் கண்ணுக்குத் தெரிவது ஊருக்கே தெரிகிறது என்று அர்த்தம். மூன்று ராத்திரி ஆனது. நான் இருக்கிற படங்கள் 340.

படங்களுக்குக் கீழே அம்மா எழுதியதையும் படித்தேன். எனக்கு டெங்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் நாலு நாள் தூங்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதை நான் படிக்க வேண்டும். என் வகுப்புக்காரர்கள் படிக்க வேண்டாம்.

அழித்துவிடச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் படங்கள் வேண்டும். தெருவிலிருந்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவசரமாக எடுக்கவேண்டியவை பதினொன்று. பட்டியல் பின்னால் இருக்கிறது. மாசி முடிவதற்குள் செய்தால் போதும். அத்தைக்கு இதெல்லாம் தெரியும், கூட உட்காரச் சொல்லுங்கள்."

இளைஞர்கள் பெற்றோரிடம் இப்படிக் கேட்கும்போது பெரும்பாலும் பேச்சு முதல் நிமிடத்திலேயே தடம் மாறிவிடும். "என் படத்தையெல்லாம் எடுங்க" என்று பிள்ளை பொதுவாகச் சொல்லும். "எங்களைப் பார்த்தா உனக்கு வெட்கமா இருக்கா?" என்று பெற்றோர் பொதுவாகவே கேட்பார்கள். இந்தக் கடிதம் அந்தக் குழியில் விழவில்லை. அவள் எண்ணியிருந்தாள், பிரித்திருந்தாள், கெடு வைத்திருந்தாள், உதவிக்கு ஆளும் சொல்லியிருந்தாள். ஆனாலும் அண்ணனுக்கு ஒரு கேள்வி அடங்கவே இல்லை. "நான் எங்கம்மா ஊருக்குக் காட்டினேன்? சொந்தக்காரங்களுக்குத்தானே போட்டேன்?"

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் 2010-இல் பேஸ்புக்கில் சேர்ந்தவர். 2014 மே மாதம் வரை, புதிதாகச் சேருகிற பெரியவர்களின் பதிவு, அவர்கள் வேறு எதையும் தொடாவிட்டால், உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்ற நிலையில்தான் போகும். அந்த மாதத்தில்தான் நிறுவனம் அதை மாற்றி, புதியவர்களின் பதிவு நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தது. ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் பழைய நிலை அப்படியே தொடர்ந்தது. தவிர, கடைசியாக எந்தத் தேர்வில் பதிவிட்டோமோ அதுவே அடுத்த பதிவுக்கும் நிற்கும். ஆகவே அண்ணன் 2010-இல் ஒரு நாளும் யோசிக்காமல் விட்ட தேர்வு, பதினைந்து ஆண்டுகளாக அவருக்காக முடிவெடுத்துக்கொண்டே இருந்தது. 2016-இல் சேர்ந்த மதினியின் பக்கம் பெரும்பாலும் நண்பர்களோடு நின்றிருந்ததற்கும் இதுதான் காரணம். மதினி கவனமானவர், அண்ணன் அலட்சியமானவர் என்பதில்லை. சேர்ந்த ஆண்டு வேறு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் உண்டு. பதிவின் தேதிக்குப் பக்கத்தில் பூமி உருண்டை தெரிந்தால் அது எல்லாருக்கும். இரண்டு தலைகள் தெரிந்தால் நண்பர்களுக்கு. பூட்டு தெரிந்தால் நமக்கு மட்டும். தன் பக்கம் வெளியாளுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க View As என்ற வசதியும் இருக்கிறது. அதை அழுத்தி அண்ணனிடம் நீட்டினேன். முதலில் வந்தது, வெண்கல அண்டாவில் உட்கார்ந்து தண்ணீரை அடிக்கும் ஒரு வயதுக் குழந்தை. அண்ணன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவள் பட்டியலிட்ட பதினொன்றும் அசிங்கமான படங்கள் என்று நான் நினைத்திருந்தேன். பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே ஒரு வரி எழுதியிருந்தாள், படத்தில் என்ன தெரிகிறது என்று. குளிக்கும் படங்கள் மூன்று, உடம்பு தெரிகிறது. சடங்குப் படங்கள் நான்கு, தேதி அச்சடித்த பேனர் பின்னால் தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒன்று, நோயும் வார்டும் தெரிகின்றன. பள்ளிச் சீருடையில் அடையாள அட்டையோடு ஒன்று, தம்பியின் முகமும் அவன் இன்னும் படிக்கிற பள்ளியின் பெயரும் தெரிகின்றன. 2023-இல் அண்ணன் பெருமையோடு போட்ட பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் ஒன்று. கடைசியாக, ஒன்பதாம் வகுப்பில் அவள் கணக்கில் தோற்று அழுதபோது மதினி வேடிக்கையாக எடுத்தது.

மதிப்பெண் பட்டியல்தான் அண்ணனுக்குப் புரியவில்லை. நல்ல மார்க்தானே என்றார். அதில் முழுப்பெயர், பிறந்த தேதி, தேர்வு எண், பள்ளி எல்லாம் இருந்தன. தமிழ்நாட்டுத் தேர்வு முடிவுத் தளத்தில் ஒரு மாணவியின் முடிவைத் திறக்கக் கேட்பதே தேர்வு எண்ணும் பிறந்த தேதியும்தான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவன் முதல் நம்பிக்கையைச் சம்பாதிப்பதும் இந்த மாதிரி விவரங்களைச் சொல்லித்தான். நம் ஊர்ப் பெயர் வைக்கும் முறையும் இதில் ஒரு கை கொடுக்கிறது. மகளின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதல் எழுத்து நிற்கும்போது, மகளைத் தேடுகிறவர் தகப்பன் பக்கத்துக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது. அவள் தன் பக்கத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், அவளைப் பற்றிய கதவு அப்பாவின் வீட்டுப் பக்கம் திறந்தே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். எடுத்ததுமே அண்ணன் தயங்கியதன் உண்மைக் காரணம் தெரிந்தது. 2010 முதல் 2015 வரை எடுத்த படங்களின் மூலப்பிரதி அவரிடம் இல்லை. அந்தப் போன்கள் பழுதாகிப் போய்விட்டன. பேஸ்புக்தான் அவருடைய ஆல்பம். "எடுக்கச் சொல்றா, எடுத்தா எங்ககிட்ட என்ன இருக்கும்?" என்றார். பல வீடுகளில் பிள்ளையின் கோரிக்கை நிறைவேறாமல் நிற்பது இங்கேதான் என்று தோன்றுகிறது. பிடிவாதம் மாதிரி தெரிவது பலநேரம் பயமாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை படங்களை இறக்கிக்கொள்வது. கணக்கு அமைப்பில் அதற்கு ஒரு வசதி உண்டு. கேட்டால் நம் படங்கள் அனைத்தையும் கட்டாகத் தரும். ஏற்றும்போதே பேஸ்புக் படத்தைச் சுருக்கிவிடுவதால் மூலப்பிரதியின் தெளிவு இருக்காது, ஆனால் படம் இருக்கும். அதை ஒரு வன்தட்டிலும் இன்னொரு பென் டிரைவிலும் போட்டோம். பென் டிரைவ் மகளுக்கு. அது கைக்கு வந்த பிறகு அண்ணன் வேறு ஆளாகிவிட்டார்.

அடுத்து, பதினொரு படங்கள். இங்கே இரண்டு வழி உண்டு. Archive என்றால் பதிவு மறைந்துபோகும், நமக்கு மட்டும் தெரியும். Trash என்றால் 30 நாள் கூடையில் கிடந்து பிறகு அழியும். கைவசம் பிரதி இருந்ததால் பதினொன்றையும் கூடைக்கே அனுப்பினோம். படத்தை மட்டும் மறைத்தால் போதாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சீருடைப் படத்துக்குக் கீழே ஒரு நண்பர் "பாப்பா எந்த ஸ்கூல்?" என்று கேட்டிருந்தார். அண்ணன் பள்ளியின் பெயரோடு வகுப்பையும் பிரிவையும் எழுதியிருந்தார். பதிவை அழித்தால்தான் அந்த உரையாடலும் போகும்.

மூன்றாவது வேலைக்கு நேரமே ஆகவில்லை. Limit Past Posts என்ற ஒரு பொத்தான், எல்லாருக்கும் என்றிருக்கும் பழைய பதிவுகள் அத்தனையையும் ஒரே அடியில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும். திரும்ப மாற்ற நினைத்தால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், அதனால் அழுத்துமுன் யோசிக்கச் சொல்லும். நாங்கள் யோசிக்கவில்லை. ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தற்போதைய முகப்புப் படமும் அதன் பின்னணிப் படமும் எப்போதும் எல்லாருக்கும் தெரியும், எந்தப் பொத்தானும் அவற்றை மூடாது. மதினியின் பக்கத்தில் பின்னணிப் படமே சடங்குப் பந்தல்தான். அதை மாற்றி ஒரு செம்பருத்திப் படத்தை வைத்தோம். பிறகு பழைய பின்னணிப் படங்கள் என்ற அடுக்குக்குள் போய் அதைத் தனியாக மூடினோம். தனியாகப் பெயர் வைத்து உருவாக்கிய ஆல்பங்களில் ஒரு படத்துக்கு மட்டும் பூட்டுப் போட முடியாது, ஆல்பத்துக்கே போட வேண்டும் என்பதில் ஒரு மணி நேரம் போனது.

நண்பர்களுக்கு மட்டும் என்று மூடியதும் வேலை முடிந்தது என்று அண்ணன் கையைத் தட்டினார். அவருக்கு எத்தனை நண்பர்கள் என்று பார்க்கச் சொன்னேன். 1,143 பேர். பழைய மேலாளர், வீட்டுக்கடன் விற்க வந்தவர், பெயரை வைத்து யாரென்றே சொல்ல முடியாத இருநூறு பேர். அந்தப் பட்டியலை வெட்டுவதற்கு இன்னும் இரண்டு ஞாயிறு பிடித்தது.

பதினொன்றில் ஏழு படங்கள் இப்படி ஒழுங்காகப் போயின. சடங்குப் படங்கள் நான்கும் அண்ணன் பக்கத்திலிருந்து போன பிறகும் போகவில்லை. சடங்கு என்றால் தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காது. மதினியின் தம்பி, நாற்பது தட்டுச் சீரோடு வந்தவர், அறுபது படங்களைத் தன் பக்கத்தில் போட்டு அண்ணனையும் மதினியையும் இணைத்திருந்தார். அந்த இணைப்பை நீக்கினால் பெயர் மட்டும்தான் போகும், படம் மாமா பக்கத்தில் அப்படியே இருக்கும். ஏற்றியவர்தான் எடுக்க முடியும். மதினி போன் செய்தபோது மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் செஞ்ச சீரு ஊருக்குத் தெரியக்கூடாதாக்கும்" என்றார். மருமகள்தான் அவரிடம் பேசினாள். "மாமா, சீர்த்தட்டுப் படம் எல்லாம் இருக்கட்டும். நான் இருக்கிறதை மட்டும் எடுத்துருங்க." அவர் அன்றைக்கே எடுத்துவிட்டார். இருபத்தாறு படங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன, வாழைத்தாரும் பட்டுப்புடவையும் பலகாரத் தட்டுமாக.

விழாவைப் படமெடுத்த ஸ்டூடியோ, மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்றைத் தன் தொழில் விளம்பரமாக யூடியூபில் போட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தலைப்பில் அவள் பெயரே இருந்தது. யாரும் அனுமதி கொடுத்ததாக நினைவில்லை, யாரும் கேட்டதாகவும் நினைவில்லை. கேட்டபோது "எல்லா பங்ஷனும் போடுறதுதான்" என்று பதில் வந்தது. யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுக்கும் முறை இருக்கிறது. வழக்கமாகச் சம்பந்தப்பட்டவரே கொடுக்க வேண்டும். காணொளியில் எந்த நிமிடத்தில் எந்த உடையில் இருக்கிறார் என்று குறிப்பிட வேண்டும். அதன்பின் ஏற்றியவருக்குத் தானாக எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் கொடுப்பார்கள், எடுக்காவிட்டால் நிறுவனம் ஆராயும். அவளே கொடுத்தாள். மறுநாள் காணொளி இல்லை.

பக்கத்திலிருந்து எடுத்த பிறகும் கூகுள் படத் தேடலில் சில நாள் நிழல் நிற்கும். அதற்கு Refresh Outdated Content என்ற கருவி உண்டு. மூலப் பக்கத்தில் படம் இல்லை என்று காட்டினால் தேடலிலிருந்தும் நீக்குவார்கள். சிறுவர்களுக்கு இதைவிட வலுவான வழி ஒன்று இருக்கிறது. 2021 முதல், 18 வயதுக்குட்பட்டவர் அல்லது அவருடைய பெற்றோர் கேட்டால், மூலப் பக்கத்தில் படம் இருந்தாலும் தேடல் முடிவிலிருந்து கூகுள் அதை எடுத்துவிடும். ஆனால் கேட்கும் நாளில் அந்த வயதுக்குள் இருக்க வேண்டும். படத்தில் ஐந்து வயதாக இருந்து, கேட்கும்போது இருபது வயதாகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிட்டது. ஒன்பதாம் வகுப்புத் தம்பிக்கு அது இன்னும் திறந்திருக்கிறது.

கைக்கு எட்டாதவையும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எட்டு ஆண்டுகளாகப் போன படங்கள் ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியே இறங்கிக் கிடக்கின்றன. எல்லாருக்கும் அழிக்கும் வசதி அனுப்பியதிலிருந்து இரண்டு நாட்களுக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும். வகுப்புக் குழுவில் போன சடங்குப் படமும் அப்படித்தான். போட்டவள் மன்னிப்புக் கேட்டாள், அதற்குமேல் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு தாய் 2005-இல் தன் இரண்டு பிள்ளைகளின் படங்களை பிளிக்கர் தளத்தில் போட்டார். 2014-இல் யாஹூ, அந்தத் தளத்தில் பொது உரிமத்தோடு இருந்த படங்களையும் காணொளிகளையும் சேர்த்துச் சுமார் 10 கோடி எண்ணிக்கையில் ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டது. அதிலிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முகங்களைப் பிரித்தெடுத்து மெகாஃபேஸ் என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். முகமறியும் மென்பொருள்களைப் பழக்கவும் சோதிக்கவும் பல நிறுவனங்கள் அதை இறக்கிக்கொண்டன. 2019-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் தேடிப்போய்ச் சொல்லும்வரை தாய்க்கும் தெரியாது, கல்லூரிக்குப் போய்விட்ட மகளுக்கும் தெரியாது. பின்னர் அந்தத் தொகுப்பை விலக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே இறக்கியவர்களிடம் இருந்த பிரதிகளை யாரும் திரும்ப வாங்க முடியவில்லை. படம் போட்ட காலத்தில் அப்படி ஒரு பயன் இருக்கும் என்று அந்தத் தாய் ஊகித்திருக்கவே முடியாது. நம் அண்ணன்களும் மதினிகளும் நிற்கும் இடமும் அதுதான்.

"இதுக்குக் கேஸ் எல்லாம் போடுறாங்களாமே?" என்று அண்ணன் கேட்டார். ஆஸ்திரியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தி, 500 படங்களுக்காகப் பெற்றோர் மேல் வழக்குப் போட்டாள் என்று 2016-இல் உலகம் முழுக்க ஒரு செய்தி சுற்றியது. அது அவருக்கும் வந்திருந்தது. விசாரித்த பத்திரிகையாளர்களுக்கு அப்படி ஒரு வழக்கு நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மெய்யாகவே நடந்தவை வேறு. ரோம் நகர நீதிமன்றம் 2017 டிசம்பரில், 16 வயது மகனின் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்த தாயிடம், எடுக்காவிட்டால் 10,000 யூரோ கட்ட வேண்டும் என்றது. நெதர்லாந்தில் 2020-இல், பேரப்பிள்ளைகளின் படங்களை அவர்கள் தாயின் விருப்பத்துக்கு மாறாக பேஸ்புக்கிலும் பின்டிரஸ்டிலும் வைத்திருந்த பாட்டிக்கு, எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் 50 யூரோ, அதிகபட்சம் 1,000 யூரோ என்று நீதிமன்றம் விதித்தது.

அந்தப் பாட்டி வழக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்குள் நடக்கும் விஷயங்களில் தலையிடாது. பாட்டி பேரன் படத்தை வைத்திருப்பது வீட்டு விஷயம்தானே? ஆனால் யார் பார்ப்பார்கள் என்று எல்லை இல்லாத இடத்தில் வைத்தால் அது வீட்டு விஷயமாக இருக்காது என்று நீதிமன்றம் கருதியது. படம் தேடுபொறி வழியாக வெளியாள் கைக்குப் போகாது என்று சொல்ல முடியவில்லை என்பதே காரணம். தெருவையும் வீட்டையும் பிரித்த எங்கள் வீட்டுக் கடிதமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு கிழித்திருந்தது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி போனது. 2024 பிப்ரவரியில் வந்த சட்டம், பிள்ளையின் படத்தின் மீதான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து, பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதையும் கலந்துகொண்டு காக்க வேண்டும் என்றது. ஒருவர் மறுத்தால் மற்றவர் வெளியிடுவதைத் தடுக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு.

இந்தியாவில் நிலை வேறு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பில், நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தனியாக எழுதிய பகுதி ஒன்று உண்டு. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். பிள்ளைகள் இணையத்தில் விட்டுச்செல்லும் தடங்கள் அழியாமல் நிற்பதைச் சுட்டி, சிறுவயது அறியாமையின் விளைவை ஒருவர் ஆயுள் முழுக்கச் சுமக்கக் கூடாது என்ற கருத்தை அதில் அவர் எழுதினார். ஆனால் அவர் பேசியது பிள்ளைகள் தாமே விடும் தடத்தைப் பற்றி. பெற்றோர் விடும் தடத்துக்கு 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விடை சொல்லவில்லை. தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அந்தச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகச் சம்மதம் தரவேண்டியவர்களும் அதன்படி பெற்றோரே. படத்தைப் போட்டவரே காவல்காரராகவும் இருக்கும்போது பிள்ளை யாரிடம் முறையிடும்? தொழிலுக்காகப் படம் போடும் ஸ்டூடியோ வேறு கணக்கு, அதற்கு இந்த வீட்டு விலக்கு பொருந்தாது. ஆனால் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகள் நடப்புக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

அரைகுறை ஆடைப் படங்களுக்கு மட்டும் ஒரு நேர்வழி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் சமூக ஊடக நிறுவனம் குறுகிய கெடுவுக்குள் எடுத்தாக வேண்டும். மற்றபடி, நம் ஊரில் மகள் அப்பாவிடம் கேட்பதற்கு இருக்கும் கருவி இப்போதைக்குக் கடிதம்தான்.

அதற்காக எல்லாப் படங்களையும் பிள்ளைகள் வெறுக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 331 பெற்றோர்-பிள்ளை ஜோடிகளிடம் கேட்டபோது, தங்களை நல்லவிதமாகக் காட்டும் படங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தே இருந்தன. சங்கடப்படுத்தும் படங்கள்தான் பிடிக்கவில்லை. முக்கியமான வேறுபாடு, கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்பதில் இருந்தது. பெற்றோர் நினைத்ததைவிட அதிகமாகப் பிள்ளைகள் அதை எதிர்பார்த்தார்கள். என் மருமகளும் ஒரு படத்துக்கு எதிரே "இது எல்லாருக்கும் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாள். மாவட்டச் சிலம்பப் போட்டியில் கம்பைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் படம். அதன்கீழ் அண்ணன் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. "இதுக்கு மட்டும் ஏன்பா ஒண்ணுமே எழுதலை?" என்று போனில் கேட்டாளாம்.

மாசி பிறப்பதற்குள் வேலை முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அண்ணன் தன் போனை என்னிடம் நீட்டினார். மகளின் கடிதத்தை, நான்கு பக்கத்தையும், வெளிச்சம் பார்த்து வைத்துப் படமெடுத்திருந்தார். "என்ன கையெழுத்து பாரு. என்ன தெளிவா எழுதியிருக்கா. நாலு பேரு படிச்சா நல்லதுதானே?" என்றார். மேலே எழுத ஒரு வரியும் தயாராக இருந்தது. பதிவிடும் பொத்தானுக்குப் பக்கத்தில் பூமி உருண்டை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை, ஆனால் அண்ணன் எழுதிய வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.